சூடாக்காத தயிரே நல்லது

செந்தூலில் பலரின் காலை உணவு இட்லியும் தோசையும்தான். புளித்த மாவில் செய்தவை என்பதால், அவை குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தருகின்றன எனச் சிலர் எண்ணுகின்றனர். மாவில் அவை உயிரோடு இருப்பது உண்மையே. ஆனால், இட்லிப் பானையின் ஆவியிலும் தோசைக்கல்லின் சூட்டிலும் அவை மடிந்துவிடுகின்றன. கொதித்த மோர்க்குழம்புக்கும் பொரித்த தெம்பேவுக்கும் இதே நிலைதான். இவை சத்தான உணவுகளே. ஆயினும், உயிருள்ள நுண்ணுயிர்களைத் தருவதில்லை.

ஆகவே, நாள்தோறும் ஒரு வேளையாவது சூடாக்காத தயிரையோ மோரையோ உணவில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. திங்கள், புதன், வெள்ளியில் நீர்மோர் அருந்தலாம். செவ்வாய், வியாழனில் வெள்ளரித் தயிர்ப்பச்சடி உண்ணலாம். வார இறுதியில், ஆறிய சோற்றில் தயிர் பிசையலாம்.

தயிரை வீட்டிலேயே உறையவைக்கலாம். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு தேக்கரண்டி பழைய தயிரைக் கலக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் அது உறைந்துவிடும். பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கொதிக்கும் பாலில் கலந்தால் தயிர் உறையாது. சூடு நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதற்கு அதுவே சான்று. மேலே பூஞ்சை படர்ந்தாலோ நிறம் மாறினாலோ, முழுவதையும் கொட்டிவிடுவதே நலம்.