சங்கமா, மன்றமா? வெளிநாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒட்டாததற்குப் பெயரும் காரணமா?

நியூயார்க் தமிழ்ச் சங்கம் தொடங்கியது 1970-ல். 1987-ல் பல சங்கங்கள் சேர்ந்து வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையை அமைத்தன. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஊரிலிருந்து போன முதல் தலைமுறை. அவர்களுக்கு ‘சங்கம்’ என்றாலே மதுரை நினைவுக்கு வரும். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் அங்கே தமிழ்ச் சங்கம் நிறுவிய வரலாறும் தெரியும். ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த 20 வயதுக்காரருக்கோ அது அப்பா, அம்மா பொங்கலுக்குக் கூட்டிப்போகும் இடத்தின் பெயர், அவ்வளவுதான்.

அதனால்தான் புதிய அமைப்பு தொடங்கும்போதும், பழையதற்குப் பெயர் மாற்றும்போதும் இந்த விவாதம் கிளம்புகிறது. பார்க்க வேண்டியவை மூன்று.

வாயில் நுழைகிறதா?

இந்தப் பிள்ளைகளில் பலர் பெயரை முதலில் பார்ப்பது ஆங்கில எழுத்தில். ‘மன்றம்’ என்பதை அமெரிக்காவில் Manram என்று எழுதும் வழக்கம் உண்டு. எழுத்துக்கு எழுத்து அது சரி. ஆனால் நாம் சொல்வது ‘மண்ட்ரம்’ மாதிரி. தமிழ் படிக்காத பிள்ளை அதை ‘மேன்-ரேம்’ என்று வாசிக்கும், நாலு பேர் சிரிப்பார்கள். அடுத்த முறை நண்பர்களிடம் அந்தப் பெயரையே சொல்லாது. Tamizh என்று எழுதினாலும் இதே கதை: zh-க்கு ஆங்கிலத்தில் ‘ழ’ ஒலி இல்லை.

சோதிப்பது சுலபம். ஆங்கில எழுத்தில் பெயரை எழுதி, ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து, உதவி செய்யாமல் வாசிக்கச் சொல்லுங்கள. மூன்று பேர் தடுமாறினால் எழுத்துக்கூட்டலை மாற்றுங்கள். தமிழ்ப் பெயரைத் தொட வேண்டியதில்லை.

யாரை வெளியே நிறுத்துகிறது?

டெக்சாஸில் ஒரு நகரத்தில் ‘தமிழ்நாடு கலை மன்றம்’ என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரின் மகளுக்கும், பினாங்குக்காரரின் மகனுக்கும் அந்தப் பெயரில் இடம் இல்லை. ‘தமிழ் பேசுவோர் சங்கம்’ என்று மாற்றினால் இன்னொரு சிக்கல்: வீட்டில் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும் என்கிற பிள்ளை ‘அப்போ நான் இல்லையா?’ என்று கேட்கும். நகரத்தின் பெயரோடு ‘தமிழ்’ என்று மட்டும் நின்றால் இந்த இரண்டு சிக்கலும் போய்விடும். ஊர் அவர்களுக்கும் சொந்த ஊர். மொழியை எந்த அளவுக்குப் பேசினாலும் ‘தமிழ்’ அவர்களுடையது.

‘இளைஞர் அணி’ போதாதா?

பல இடங்களில் கையாளும் வழி இதுதான். ஆனால் ‘அணி’ என்றாலே அதற்கு மேலே ஒரு தலைமை இருக்கிறது என்று பொருள். 26 வயதில் வேலைக்குப் போய், வாடகை கட்டுபவரை இன்னும் ‘யூத்’ என்று தனியே உட்கார வைத்தால் வரமாட்டார். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. இந்த வருஷ ஸ்லாங்கில் வைத்த பெயர் நாலு வருஷத்தில் பழசாகிவிடும்.

மாற்றினால் என்ன ஆகும்?

மூத்தவர்களின் பயம் நியாயமானது: பெயர் போனால் 40 வருஷ வரலாறும் போய்விடுமோ? இதற்குச் சட்டத்திலேயே நடுவழி இருக்கிறது. பதிவுப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, புழக்கத்துக்கு மட்டும் இன்னொரு பெயரைப் பதியலாம். அமெரிக்காவில் இதை ‘டிபிஏ’ என்பார்கள். டெக்சாஸில் ஒரு பதிவு அதிகபட்சம் 10 ஆண்டு செல்லும். நமது உதாரண மன்றம் பத்திரத்தில் பழைய பெயரோடு இருந்துகொண்டே, போஸ்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘உறவு’ என்று இயங்கலாம். Uravu என்று எழுதினால் ஏறக்குறைய அப்படியே வாசிக்க வரும்.

இரண்டு எச்சரிக்கை. டிபிஏ பதிவு செய்வதால் அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமே சொந்தம் ஆகிவிடாது. நன்கொடை ரசீதில் பதிவுப் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிவிலக்குப் பட்டியலோடு பொருந்தாமல், கம்பெனிகள் தரும் இணைத்தொகை சிக்கலாம். பதிவுப் பெயரையே மாற்றுவதானால் அமைப்பின் விதிப்படி ஓட்டெடுத்து, மாநில அரசிடம் திருத்தம் பதிந்து, வருமான வரித் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். வரி அடையாள எண் மாறாது.

பெயர் மட்டும் போதுமா?

போதாது. குடும்ப உறுப்பினர் அட்டையில் பிள்ளைகள் பெற்றோரின் கீழே வருகிறார்கள். வயது வந்ததும் அதிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். தனி உறுப்பினராகச் சேரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பெயர் மாறி ஒரு வருஷம் கழித்து உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். பெற்றோர் துணையில்லாமல், தங்கள் பெயரில், ஓட்டுரிமையோடு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்? அந்த எண் நகரவில்லை என்றால், மாறியது போர்டு மட்டும்தான்.