சிந்தெடிக்கா, சாதா ஆயிலா? உங்கள் வண்டி ஓடும் விதம் சொல்லும் கணக்கு!

சர்வீஸுக்கு வண்டியை விட்டதுமே மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "சாதா ஆயிலா, சிந்தெடிக்கா சார்?" என்பதுதான். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூடுதல் பணம் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

சாதா ஆயில் எனப்படும் மினரல் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. இதில் பெரிதும் சிறிதுமாகப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். சிந்தெடிக் ஆயிலில் அவை ஓரளவு ஒரே சீராக இருக்கும்படி தயாரிக்கிறார்கள். அதனால் சூட்டில் சீக்கிரம் கெடாது. பைக்கில் இது முக்கியம். காரில் இன்ஜினுக்கும் கியருக்கும் தனித்தனி ஆயில். பெரும்பாலான பைக்குகளிலோ இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஒரு லிட்டர்தான். கியர் பற்கள் அரைத்து அரைத்தே ஆயிலின் பிசுபிசுப்பு குறைந்துவிடும்.

மீட்டர் சொல்லாத கணக்கு

மினரல் ஆயிலை 2,500 முதல் 3,000 கி.மீ. அல்லது ஆறு மாதத்திலும், முழு சிந்தெடிக்கை 5,000 முதல் 6,000 கி.மீ. அல்லது ஒரு வருடத்திலும் மாற்றுவது பொதுவான வழக்கம். இரண்டில் எது முன்னால் வருகிறதோ, அதுதான் கெடு. செமி சிந்தெடிக் இவற்றுக்கு நடுவில்.

நகரத்தில் இந்தக் கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றும். நெடுஞ்சாலையில் சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் போனால், 3,000 கி.மீ. ஓட இன்ஜின் 60 மணி நேரம் இயங்கும். சிக்னலும் நெரிசலுமாகச் சராசரி 20 கி.மீ. வேகம்தான் என்றால், அதே தூரத்துக்கு 150 மணி நேரம்! நிற்கும்போது மீட்டர் ஓடாது. ஆனால் ஆயில் வெந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே நகரவாசிகள் கெடுவின் குறைந்தபட்ச எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு பேர், இரண்டு கணக்கு

மினரல் லிட்டர் 400 ரூபாய், சிந்தெடிக் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டிலிருந்து 6 கி.மீ. தூரத்தில் வேலை செய்பவர், மாதம் 300 கி.மீ. ஓட்டுவார். ஆறு மாதத்தில் 1,800 கி.மீ.தான். கிலோமீட்டர் முடியும் முன்பே காலக்கெடு வந்துவிடும். மினரல் வருடத்துக்கு இரண்டு முறை, 800 ரூபாய். சிந்தெடிக் ஒரு முறை, அதே 800 ரூபாய். ஆனால் சிந்தெடிக்கின் ஆயுளில் ஒரு பகுதி பயன்படாமலே போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்த தூர ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். இதற்கு சிந்தெடிக்கிலும் மருந்து இல்லை; மாற்றுவதுதான் வழி. இவருக்கு மினரல் ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதே சரி.

டெலிவரி வேலை செய்பவர் தினமும் 100 கி.மீ., மாதம் 2,500 கி.மீ. ஓட்டுகிறார். மினரல் என்றால் மாதாமாதம் மாற்ற வேண்டும், வருடம் 4,800 ரூபாய். சிந்தெடிக்கை 5,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் ஆறு முறை, அதுவும் 4,800 ரூபாய்தான். ஆனால் ஆறு முறை கூலியும், வேலை கெடும் ஆறு நாளும் மிச்சம். நாள் முழுக்கச் சூட்டில் கிடக்கும் இன்ஜினுக்கும் அதுவே நல்லது.

கவனிக்க வேண்டியவை

சிந்தெடிக் போட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, 5,000 கி.மீ. வரை திரும்பிப் பார்க்காமல் விடுவது. பழைய இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். ஒரு லிட்டரில் 300 மில்லி குறைந்தாலே, மிச்சமிருப்பது எல்லாச் சூட்டையும் தாங்க வேண்டும். வாரம் ஒருமுறை வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி அளவுக்குச்சியைப் பாருங்கள்.

ஆயில் கறுப்பானதை மட்டும் வைத்துக் கெட்டதாக முடிவு செய்ய வேண்டாம். கரியைத் தன்னுள் இழுத்துவைப்பது அதன் வேலை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தாலும், கியர் மாற்றுவது திடீரென இறுகினாலும் கெடுவுக்குக் காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எந்த ஆயில் வாங்கினாலும் டப்பாவைப் படியுங்கள். கியர் பைக்குக்கு 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்றிருக்க வேண்டும். கியரில்லா ஸ்கூட்டருக்கு வரும் 'எம்.பி.' வகையைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். '10டபிள்யூ-30' போன்ற எண்ணும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். மாற்றும் கெடு பற்றி அந்தக் கையேட்டில் இருப்பதே கடைசி எல்லை. சிந்தெடிக் ஊற்றியிருந்தாலும் அதைத் தாண்ட வேண்டாம்.