ஓலையில உங்க பேர் எப்படி வந்துச்சு?

1. "டாக்டர், நாடி ஓலையில என் பேரு, அப்பா அம்மா பேரு, சம்சாரம் பேரு எல்லாம் அப்படியே இருந்துச்சு. அது எப்படிப் பொய்யாகும்?" கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல இருந்து வர்ற நோயாளிகள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதிலை விளக்கமா சொல்லிடுறேன்.

2. வைத்தீஸ்வரன்கோயில்ல ஆரம்பிச்சு இன்னைக்கு ஊருக்கு ஊர் கிளை இருக்கு. நடைமுறை எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆணுக்கு வலது கட்டைவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது. அப்புறம் ஒரு கட்டு ஓலையோட வந்து உட்காருவாங்க. "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க" என்பார்கள். கேட்க நேர்மையா இருக்கும். சூட்சுமமே அங்கதான்.

3. வெங்கடேசன்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்னு வைங்க. "உங்க பேர் உயிரெழுத்துல தொடங்குமா?" இல்லை. "சாமி பேரா?" ஆமா. "சிவன், முருகன் வகையா?" இல்லை. இப்பவே பெருமாள் பேர்னு ஆகிடுச்சு. "ன்-ல முடியுமா?" ஆமா. "நாலெழுத்துக்கு மேலயா?" ஆமா. "மலைமேல இருக்கிற சாமியா?" ஆமா. மிச்சம் சீனிவாசன், வெங்கடேசன். இன்னும் ஒரே ஒரு கேள்வி போதும். மொத்தம் ஏழு.

4. ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழிச்சா, 20 கேள்வியில பத்து லட்சத்துல ஒண்ணைப் பிடிச்சிடலாம். 2-ஐ 20 தடவை பெருக்கிப் பாருங்க: 10,48,576. அங்க உங்ககிட்ட கேட்கிறது 20 இல்ல, ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி.

5. மேடையில மனசைப் படிக்கிறேன்னு சொல்ற ஆளுக்கு ஒரு தொல்லை உண்டு. தப்பா சொன்னா கூட்டம் சிரிக்கும். நாடியில அந்தத் தொல்லையே கிடையாது. நீங்க "இல்லை"ன்னா, "இது உங்க ஓலை இல்ல" என்று அடுத்ததைப் புரட்டுவார். அவருடைய தவறு எல்லாம் "தேடல்" கணக்குல போயிடும், சரி மட்டும் உங்க நினைவுல நிக்கும். அப்புறம் "உங்க ஓலை கிடைச்சிடுச்சு" என்று, நீங்களே கொடுத்த பேர்களைச் செய்யுள் ராகத்துல திருப்பிப் படிப்பார். நீங்க அழுதுடுவீங்க.

6. அடுத்து ஆறாம் காண்டம்: நோய், கடன், பகை. ரோலிங் மில்லுல உலை பக்கத்துல நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு முதுகுவலி, நீர்க்கடுப்பு, தூக்கமின்மை இருக்கும்னு சொல்ல அகத்தியர் வேணுமா? கையில இருக்கிற தீக்காயத் தழும்பே சொல்லிடும். நானும் அப்படிப் பார்த்துத்தான் பாதி கேள்வி கேட்கிறேன். ஆனா கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு ஒத்துக்குவேன். முடிவை ரத்தப் பரிசோதனையில சரிபார்ப்பேன்.

7. 1948-ல பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு "உன் குணம் இது" என்று தனித்தனியா தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துதுன்னு கேட்டப்போ 5-க்குச் சராசரி 4.26 போட்டாங்க. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்!

8. "நம்பிக்கைதானே, உங்களுக்கு என்ன வலிக்குது?" சொல்றேன். திருவள்ளூர் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர். சாந்தி காண்டத்துல "பூர்வஜென்ம தோஷம்" என்று வந்துச்சாம். பரிகாரத்துக்குப் பணம் கட்டிட்டு மூணு மாசம் மாத்திரையை நிறுத்திட்டார். கால் புண்ணோட வந்தார். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதான் எனக்கு வலிக்குது.

9. போகணும்னா போங்க. ஆனா இப்படிப் போங்க:
• ட்ரூகாலர்ல உங்க பேர் காட்டும் நம்பர்ல இருந்து முன்பதிவு பண்ணாதீங்க. ஜிபேயும் வேண்டாம், அதுலயும் பேர் தெரியும்.
• கேட்டு அனுமதி வாங்கி செல்போன்ல முழுசா பதிவு பண்ணுங்க. வீட்டுல வந்து எத்தனை "இல்லை" சொன்னீங்கன்னு எண்ணுங்க.
• "ஓலையில இருக்கிறதை வரிசையா படிங்க, கடைசியில சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்க.

10. கடைசியா ஒரு சோதனை. அம்மா பேர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும், மனசுல வேற ஒரு பேரை வெச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி பதில் சொல்லுங்க. லட்சுமிக்குப் பதிலா சரஸ்வதி. முகத்துல மாற்றம் காட்டாதீங்க. ஓலை நெசம்னா, "நீ பொய் சொல்றே, உன் தாய் லட்சுமி" என்று வரணும். "தாய் பேர் சரஸ்வதி" என்று ராகம் போட்டுப் படிச்சா, அது எழுதப்பட்டது போன யுகத்துல இல்ல. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி, உங்க வாயால.

11. எழுந்து வந்துடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.