‘தேடினேன், இல்லை’: கையெழுத்து பிடிஎஃப்-க்குள் ஒளிந்திருக்கும் எழுத்து ஏன் இடம் மாறக் கூடாது?

1960-களில் எழுதிய ஒரு குத்தகைக் கணக்கு நோட்டு இருக்கிறது, 200 பக்கம். அதை ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாச்சு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் 200 பக்கத்தையும் கண்ணால் படிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கடைசியில் ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னால், அது படித்துப் பார்த்துச் சொன்ன ‘இல்லை’.

அதே நோட்டைத் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கிவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். தேடல் பெட்டியில் பெயரைப் போடுவார்கள். முடிவு எதுவும் வரவில்லையா, மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெயர் 87-ம் பக்கத்தில் மை அழியாமல் இருந்தாலும் சரி. அதனால்தான் சொல்கிறேன்: உள்ளே இருக்கும் எழுத்து சரியில்லாத தேடக்கூடிய பிடிஎஃப்-ஐ விட, வெறும் ஸ்கேனே மேல். வெறும் ஸ்கேன் நம்மைப் படிக்க வைக்கும். மற்றது தப்பான பதிலைத் தைரியமாகச் சொல்லும்.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த மாதிரி பிடிஎஃப்-ல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடுக்கு. கண்ணுக்குத் தெரிவது ஸ்கேன் படம். அதோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றும் இருக்கும். நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வரிவரியாக டைப் செய்த எழுத்து அது. பிடிஎஃப்-ல் எழுத்தை வரைய பல முறைகள் உண்டு. அதில் 3-ம் எண் முறை என்றால் ‘எழுத்து இருக்கும், ஆனால் வரையாதே’ என்று அர்த்தம்.

நாம் தேடும்போது செயலி படத்தைப் பார்ப்பதே இல்லை. மறைந்திருக்கும் எழுத்தில் தேடுகிறது; அந்த எழுத்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கே மஞ்சள் பட்டை போடுகிறது. படத்தில் சொல் வேறு இடத்தில் இருந்தால் அதற்குத் தெரியாது.

அச்சுப் புத்தகத்தில் பட்டை ஒரு வரி தள்ளி விழுந்தாலும் நாமே மேலே கீழே பார்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவோம். கையெழுத்தில் அது நடக்காது. தாத்தாவின் கையெழுத்தைப் படிக்க முடியாததால்தானே பேரன் தேடல் பெட்டிக்கே வருகிறார்? பட்டை எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரித் தொகையைத்தான் குறித்துக்கொள்வார். அது பக்கத்து வயல்காரர் கணக்காக இருந்தாலும்.

ஒரு சொல்லை வைத்துப் பார்க்கலாம்

ஏ4 அளவுப் பக்கம், 300 டிபிஐ ஸ்கேன். அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல். படம் 2480 x 3508 பிக்சல். பிடிஎஃப்-க்குப் பிக்சல் கணக்கு கிடையாது. அதன் அளவு ‘பாயின்ட்’, ஒரு அங்குலத்துக்கு 72. ஆக, ஒரு பிக்சல் என்பது 72/300 = 0.24 பாயின்ட்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. படத்தில் உயரத்தை மேலிருந்து எண்ணுவோம். பிடிஎஃப் கீழிருந்து எண்ணும்.

பக்கத்தில் ‘வயல்’ என்ற சொல் இடமிருந்து 1240-வது பிக்சலில் தொடங்கி 1440-ல் முடிகிறது. எழுத்துகள் உட்காரும் கோடு மேலிருந்து 936-வது பிக்சலில் இருக்கிறது. தொடக்கம் 1240 x 0.24 = 297.6 பாயின்ட். அகலம் 200 x 0.24 = 48 பாயின்ட். பக்க உயரம் 841.92, அதில் 936 x 0.24 = 224.64-ஐக் கழித்தால் 617.28. சொல்லை வைக்க வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

அடுத்து அகலம். மறைந்திருக்கும் எழுத்துக்கு அழகான உருவம் தேவையில்லை. அதனால் உருவமே இல்லாத எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்துவார்கள். டெசராக்ட் மென்பொருள் உருவாக்கும் பிடிஎஃப்-களிலும் இப்படி ஒன்றுதான் இருக்கிறது. அதில் எல்லாக் குறிக்கும் ஒரே அகலம், எழுத்தளவில் பாதி. ‘வயல்’ என்பது யூனிகோடில் வ, ய, ல, புள்ளி என்று நான்கு குறிகள். எழுத்தளவு 20 என்றால் 4 x 10 = 40 பாயின்ட். நமக்கு வேண்டியது 48. ஆகவே 120 சதவீதம் இழுக்க வேண்டும். பிடிஎஃப்-க்குள் இது இப்படி இருக்கும்:

```
BT
3 Tr
/F1 20 Tf
120 Tz
1 0 0 1 297.6 617.28 Tm
<0BB50BAF0BB20BCD> Tj
ET
```

`3 Tr` மறைக்கிறது, `Tz` இழுக்கிறது, `Tm` இடத்தைச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தை. இதை யாரும் கையால் எழுதுவதில்லை, மென்பொருளே எழுதிவிடும். ஆனால் தப்பு நடந்தால் இந்த மூன்றில் எதில் நடந்தது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

சொல் வாரியாகவா, வரி வாரியாகவா?

ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டி வரைந்தால் துல்லியம் கிடைக்கும். ஆனால் 200 பக்கம், பக்கத்துக்கு 20 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 24,000 பெட்டிகள். வரி மட்டும் என்றால் 4,000. பெரும்பாலும் வரிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வரியை மொத்தமாக இழுக்கும்போது தமிழில் ஒரு சின்ன நழுவல் வரும். ‘அப்பாவுக்கு’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 11 குறி. ‘வயல்’ 3 எழுத்து, 4 குறி. எல்லாக் குறிக்கும் ஒரே அகலம் கொடுத்தால், மெய்யும் உயிர்மெய்யும் நிறைந்த சொல் தன் பங்குக்கு மேல் இடம் பிடிக்கும். பக்கத்துச் சொல்லின் பட்டை கொஞ்சம் தள்ளி விழும். கடிதம், டைரி என்றால் பரவாயில்லை, வரி சரியாக இருக்கிறதே.

கணக்கு நோட்டில் அப்படி விட முடியாது. தேதி, பெயர், நெல் அளவு, தொகை என்று பத்தி பத்தியாக இருக்கும், நடுவில் வெற்றிடம். முழு வரியையும் ஒரே துண்டாக இழுத்தால், பெயருக்கான பட்டை வெற்றிடத்தில் போய் விழும். அதனால் கணக்கு நோட்டில் ஒவ்வொரு பத்தியின் கட்டத்தையும் தனி வரியாகக் குறிக்க வேண்டும். `eScriptorium` மாதிரி இலவச மென்பொருளில் படத்தின் மேலேயே வரியைக் குறித்து, அதற்கு நேராக டைப் செய்யலாம்.

எப்படி நழுவியிருக்கிறது என்று பார்த்தால், ஏன் என்று தெரிந்துவிடும்

பக்கம் முழுக்க பட்டை ஒரே அளவு தள்ளி இருக்கிறதா? வரிகளைக் குறித்த பிறகு யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். மேல் இடது மூலையில் சரியாக இருந்து, கீழே வலது பக்கம் போகப் போக நழுவல் கூடுகிறதா? குறித்தது ஒரு அளவுப் படத்தில், பிடிஎஃப்-ல் போட்டது வேறு அளவுப் படம். முதல் வரியின் பட்டை கடைசி வரியில் விழுகிறதா? உயரத்தைக் கீழிருந்து எண்ண மறந்திருக்கிறார்கள்.

வரியின் தொடக்கத்தில் சரி, முடிவில் மட்டும் மேலேயோ கீழேயோ போகிறது என்றால் வரியே சாய்வு. கோடு போடாத தாளில் எழுதுபவர் கை மெல்ல மேலே ஏறும். 1800 பிக்சல் நீளத்தில் 30 பிக்சல் ஏறினால் அது சுமார் 1 டிகிரி. பார்க்கச் சின்னது, ஆனால் வரி உயரம் 90 பிக்சல் என்றால் மூன்றில் ஒரு பங்கு. `Tm`-ல் அதே சாய்வைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

போனில் எடுத்த படத்துக்கு இன்னொரு வியாதி. போன் சில சமயம் படத்தைப் படுக்கையாகச் சேமித்து, ‘நிமிர்த்திக் காட்டு’ என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். ஒரு மென்பொருள் அந்தக் குறிப்பை மதிக்கும், இன்னொன்று மதிக்காது. எழுத்து அடுக்கு 90 டிகிரி திரும்பி நிற்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வரிசை. வெட்டுவது, திருப்புவது, நிமிர்த்துவது எல்லாம் முதலில். அதன் பிறகுதான் வரி குறிப்பது. குறித்த பிறகு படத்தின் பிக்சல் அளவைத் தொடவே கூடாது.

இடம் சரி, எழுத்து சரியா?

பட்டை விழ வேண்டுமானால் முதலில் சொல் கிடைக்க வேண்டும். ‘கொ’ என்பது பார்வைக்குக் கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. சாதாரண எழுத்துருவைப் போட்டு உருவாக்கிய சில பிடிஎஃப்-களில் எழுத்து பார்வை வரிசையிலேயே பதிந்துவிடும். திரையில் அழகாக இருக்கும், தேடினால் கிடைக்காது. உருவமில்லாத எழுத்துருவில் இந்தப் பிரச்சினையே வராது, குறிகள் டைப் செய்த வரிசையிலேயே இருக்கும்.

டைப் செய்வதிலும் ஒரு பொறி. ‘கௌரி’ என்பதை சிலர் கெ போட்டு அடுத்து ள அடித்து ‘கெளரி’ ஆக்குவார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், தேடலுக்கு வேறு சொல். அடுக்கைப் பிடிஎஃப்-ல் ஏற்றும் முன் இப்படிப்பட்டவற்றைத் தேடித் திருத்த வேண்டும்.

1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட வடிவத்தில்தான் எழுதினார்கள். டைப் செய்பவருக்கு அந்த வடிவம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘விலை’ ‘வில’ ஆகிவிடும்.

வெளியிடும் முன் செய்ய வேண்டியது

மறைந்த அடுக்கை யாரும் கண்ணால் பிழை திருத்த முடியாது. அதனால் சோதனை கட்டாயம். எளிய வழி, Ctrl+A அழுத்துவது. நீலப் பட்டைகள் எல்லா வரி மேலும் விழுகிறதா, விட்டுப்போன வரி உண்டா என்று ஒரே பார்வையில் தெரியும். இன்னும் துல்லியமாகப் பார்க்க:

```
pdftotext -f 87 -l 87 -bbox note.pdf box.html
```

87-ம் பக்கத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாயின்ட் கணக்கில் பட்டியல் வரும். ‘வயல்’ 297.6-ல் தொடங்கி 345.6-ல் முடிந்தால் சரி. பிறகு ஒரு தலைகீழ்ச் சோதனை: ஸ்கேனில் கண்ணால் பார்த்து இருபது பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். கிடைக்காத பெயர்தான் பாடம் சொல்லும்.

அப்படியும் சில தப்பும். வரி முடிவில் ‘விற்’ என்று நின்று அடுத்த வரியில் ‘பனை’ என்று தொடரும் சொல், ‘விற்பனை’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘நிலம்’ என்று தேடினால் ‘நிலத்தை’ வராது. ‘நில’ என்று தேட வேண்டும்.

ஆகவே, பிடிஎஃப்-ன் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதிவையுங்கள்: எந்தப் பக்கங்கள் டைப் செய்யப்பட்டன, எவை செய்யப்படவில்லை, எழுத்துப்பிழைகளை அப்படியே வைத்தீர்களா திருத்தினீர்களா, உடைந்த சொற்களை என்ன செய்தீர்கள். அந்த நான்கு வரி இல்லாத பிடிஎஃப்-ல் பெயர் கிடைக்கவில்லை என்றால், ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்கேனைப் புரட்டிப் படியுங்கள்.