மீகாவின் தகப்பன்



மேவிபோசேத்தைக் குறித்த பிரசங்கங்கள் பெரும்பாலும் ராஜாவின் பந்தியோடு முடிந்துவிடுகின்றன. ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் முடமானவன், தாவீதின் பந்தியில் அமர்ந்தான் என்று கேட்டு நாம் மனம் உருகுகிறோம். ஆனால் அதே அதிகாரம் (2 சாமுவேல் 9:12) அவனுக்கு மீகா என்னும் சிறு குமாரன் இருந்ததையும் கூறுகிறது. முடவனுக்குப் பெண் கொடுத்தது யார் என்று வேதம் வியக்கவில்லை. மீகாவின் குமாரர் நால்வரின் பெயர்களை 1 நாளாகமம் 8-ஆம் அதிகாரம் வரிசைப்படுத்துகிறது. நாமோ அவனுக்குப் பந்தியில் இடம் கொடுப்போம், மணவறையில் கொடுப்போமா?

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மகளுக்கு வரன் தேடும் வீட்டைப் பாருங்கள். புகைப்படம் எடுக்கும் நாளில் அவளைச் சாதாரண நாற்காலிக்கு மாற்றி, சக்கர நாற்காலியை அறைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். படம் தோளளவில் நிற்கும். முகம் பிடித்துப்போய் பேச்சு வளரும். பின்பு விஷயம் தெரியவந்ததும், "ஜெபித்துப் பார்த்தோம், தேவசித்தம் இல்லை" என்று பதில் வரும். தேவசித்தத்தின் மேல் இவ்வளவு எளிதாகப் பாரம் சுமத்துகிறோம்!

அந்தப் படத்தில் சக்கர நாற்காலியும் இருக்கட்டும் என்பது என் கருத்து. விசாரிப்போர் குறைவார்கள், அது உண்மையே. ஆயினும் முதலிலேயே கண்ணில் பட்ட நாற்காலி அவளுடைய தோற்றத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. பிறகு தெரியவரும் நாற்காலியோ ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தோடு வருகிறது. அதன்பின் அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. நான் கண்டவரையில், உத்தியோகமுள்ள ஆணுக்கு எப்படியோ ஒரு பெண் அமைகிறாள். அதே உத்தியோகமுள்ள பெண்ணிடம் அழகையும் அடுக்களையையும் பிள்ளைப்பேற்றையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

பிள்ளைப்பேற்றைக் குறித்த பயத்திற்கு விடை உண்டு. இளம்பிள்ளை வாதம் கிருமியால் வருவது. அது பிள்ளைகளுக்கு வழிவழியாகக் கடப்பதில்லை. விபத்தில் முதுகுத்தண்டு காயமுற்ற பெண்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மாதவிடாய் திரும்புகிறது, அவர்கள் கருத்தரிக்கலாம். காயம் மார்பின் நடுப்பகுதிக்கு மேலே இருந்தால் பிரசவ நேரத்தில் இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். ஆகவே அதைக் கையாளத் தெரிந்த மருத்துவமனையை முன்னதாகவே தேட வேண்டும். ஆண்களுக்கு இத்தகைய காயத்தால் சிக்கல் அதிகம். அதற்கும் சிகிச்சைகள் உண்டு. இவற்றை நிச்சயதார்த்தத்திற்கு முன் இருவரும் ஒன்றாக மருத்துவரிடம் கேட்பது நலம். உறவினர் கூட்டத்தில் கேட்கத்தக்க கேள்விகள் அல்ல இவை.

திருமண ஆராதனையைப் பொறுத்தவரை, நம் ஆலயத்தில் பீடத்திற்கு ஏறும் படிகளைக் காட்டி எவரும் தயங்க வேண்டாம். மணமக்கள் கீழே, சபையாரோடு ஒரே தளத்தில் இருக்கட்டும். போதகர் இறங்கி வருவார்.