ஃபோஸ்டாக் தேர்வு: டவுன்லோட் செய்த ஃபிளாஷ் கார்டு கைகொடுக்குமா?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சிக்குப் பலரும் முதலில் செய்வது, இணையத்தில் ரெடியா இருக்கும் ஃபிளாஷ் கார்டுகளை டவுன்லோட் பண்ணுவதுதான். அபாய வகைகளுக்கு அது ஓகே. உயிரியல், வேதியியல், பௌதிகம், ஒவ்வாமை: 'உ-வே-பௌ-ஒ'ன்னு நாலு தடவை சொன்னா மனசுல நின்னுடும்.

சிக்கல் வெப்பநிலையில்தான். சூடான உணவை வைத்திருக்க அமெரிக்க விதி குறைந்தபட்சம் 57 டிகிரி செல்சியஸ் கேட்கிறது, பிரிட்டன் 63 கேட்கிறது. நம்ம ஊர் விதி 60.

பஃபேயில் சாம்பார் 137 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 32-ஐக் கழித்தால் 105. அதை 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சுமார் 58 செல்சியஸ். அமெரிக்க கார்டைப் படித்தவர் 'பாதுகாப்பானது' என்பார். நம் தேர்வில் அது தப்பு. 5 முதல் 60 வரை ஆபத்து மண்டலம்.

அதனால் கார்டை நீங்களே எழுதுங்க. முன்பக்கம் வெறும் 'ஆபத்து மண்டலம் எது?' வேண்டாம், 'சாம்பார் 137 ஃபாரன்ஹீட், பரிமாறலாமா?' என்று கேளுங்க. பின்பக்கத்தில் கணக்கும் காரணமும் இருக்கட்டும். எண், சூத்திரம், முடிவு மூன்றும் ஒரே கார்டில் பழகிவிடும்.