ஏலமா, அறிமுகமா?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்தே வரைகலை வேலை செய்ய விரும்பும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். இணைய ஏலத் தளத்தில் ஒரு வணிகச் சின்னம் வரையப் பல நாட்டவர் விலை கூறுவர். 200 ரிங்கிட் கேட்க நினைத்தவர் 60 ரிங்கிட்டுக்கு இறங்கிவிடுவார். சில தளங்களில் விண்ணப்பம் அனுப்பவே கட்டணம் உண்டு.

அவர் முதலில் தம் வட்டாரத்தில் தேடுவதே நல்லது என்பது என் கருத்து. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் தங்கும் விடுதி, உணவகம், ஸ்ட்ராபெரி தோட்டம் நடத்துவோருக்கு விலைப்பட்டியலும் பதாகையும் தேவைப்படுகின்றன. ஆனால், அவர்களின் புலனக் குழுவில் சேர்ந்தவுடன் விளம்பரம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் ஒருவர், "என் பதாகையில் படம் ஏன் மங்கலாக வந்தது?" என்று கேட்கக்கூடும். புலனத்தில் படமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே அச்சகத்தைச் சென்றடையும். இதைப் பொறுமையாக விளக்கியவரின் பெயர் நினைவில் நிற்கும். பிறகு வணிகர் சந்திப்பில் அவரை நேரில் கண்டு, தாம் செய்த இரண்டு மாதிரிகளைக் காட்டலாம். அப்போது விலையைவிட வேலையைப் பற்றியே பேச்சு தொடங்கும்.

பழக்கத்திலும் சிக்கல் உண்டு. "நம்ம பையன்தானே" என்று இலவசமாகக் கேட்பார்கள். பணம் தர நாள் கடத்துவார்கள். எனவே, மொத்த விலை, பாதி முன்பணம், இரண்டு முறை மட்டுமே திருத்தம் என்பனவற்றை வேலை தொடங்கும் முன்பே எழுதி அனுப்பவேண்டும். மலையில் வணிகர் வட்டம் சிறியது. சில மாதங்களில் வேலை குறைந்துவிடலாம். அந்நிலையில், மனநிறைவடைந்த வாடிக்கையாளரிடம் ஈப்போவில் அவருக்குத் தெரிந்த வணிகர் ஒருவரை அறிமுகப்படுத்தும்படி கேட்கலாம்.